குறும்படத்தில் பிளாஷ்பேக்: பார்ப்பவர் காலம் குழம்பாமல் கதையைத் தொடர ஒரு வழிகாட்டி

பத்து நிமிடக் குறும்படத்தில் பிளாஷ்பேக் வைத்தால், பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது இப்ப நடக்குதா, முன்னாடி நடந்ததா?" இந்தக் கேள்வி மனதில் ஓடும் ஐந்து பத்து விநாடிகளில் அவர் வசனத்தைக் கேட்பதில்லை, நடிப்பைக் கவனிப்பதில்லை. இரண்டு மணி நேரப் படத்தில் அந்த விநாடிகளைப் பிறகு ஈடுகட்டிவிடலாம். குறும்படத்தில் அதற்கு நேரமே இருக்காது.

இதைச் சரிசெய்ய எடிட்டிங் மேஜையில் நாள்கணக்காக உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: வேலையில் பெரும்பகுதியைத் திரைக்கதை எழுதும்போதே முடித்துவிட வேண்டும். படப்பிடிப்புக்குப் பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். அதனால் எழுதுவதிலிருந்து திரையிட்டுப் பார்ப்பது வரை எதை எப்போது செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒரே கதையை வைத்துக்கொண்டு போவோம்.

கதை இது. சிவராமன், 65 வயது, தையல்காரர். ஓர் இளம்பெண் பழைய ஆண் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, தன் அளவுக்குச் சிறிதாக்கித் தரச் சொல்கிறாள். காலரைத் திருப்பிப் பார்க்கிறார். உள்பக்கம் சிவப்பு நூலில் 'க' என்ற எழுத்து. இருபது வருடங்களுக்கு முன் தம்பி கண்ணனுக்காக அவரே தைத்த சட்டை அது. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து கண்ணன் வீட்டை விட்டுப் போனவன், திரும்பவே இல்லை. வந்திருப்பவள் அவனுடைய மகள். படம் பத்து நிமிடம். அதில் இரண்டு பிளாஷ்பேக்.

1. எழுதும் முன் இரண்டு வரிசைகளை ஒரே தாளில் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுங்கள். வலப்பக்கம், அவற்றைத் திரையில் எந்த வரிசையில் காட்டப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை விநாடி என்று போடுங்கள்.

நம் கதையில் இடப்பக்கம் இப்படி வரும்: சட்டை தைக்கிறார், சண்டையில் சட்டையின் இரண்டாவது பட்டன் தெறித்து விழுகிறது, கண்ணன் போய்விடுகிறான், கண்ணன் வேறு நிறத்தில் ஒரு பட்டனைத் தைத்துக்கொள்கிறான், வருடங்கள் கழித்து மகள் சட்டையோடு வருகிறாள், சிவராமன் பழைய பட்டனைத் தைத்துக் கொடுக்கிறார்.

வலப்பக்கம் இது:

நிகழ்காலம் 1: சட்டை கடைக்கு வருகிறது, 'க' தெரிகிறது. 100 விநாடி.
கடந்தகாலம் 1: சட்டை தைக்கும் இரவு. 120 விநாடி.
நிகழ்காலம் 2: "யாரோட சட்டைம்மா இது?" என்று கேட்கிறார். 80 விநாடி.
கடந்தகாலம் 2: சண்டை, பட்டன் விழுகிறது. 150 விநாடி.
நிகழ்காலம் 3: பழைய பட்டன் மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வருகிறது. 150 விநாடி.

மொத்தம் 600 விநாடி. இந்தத் தாளில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

ஒன்று, முதல் நிகழ்காலப் பகுதிக்குப் போதுமான நேரம் இருக்கிறதா. பார்ப்பவர் முதலில் எதைப் பார்க்கிறாரோ அதையே 'இப்போது' என்று எடுத்துக்கொள்வார். அந்த 'இப்போது' மனதில் பதியும் முன் பின்னால் போனால், எதிலிருந்து பின்னால் போனோம் என்று அவருக்குத் தெரியாது. பத்து நிமிடப் படத்துக்கு ஒன்றரை நிமிடமாவது கொடுங்கள். பெரிய ஆரம்பம் வேண்டும் என்று கடந்தகாலச் சண்டையோடு படத்தைத் திறக்கும் ஆசை பலருக்கு வரும். அப்படித் திறந்தால் அந்தச் சண்டைதான் நிகழ்காலமாகிவிடும்; அடுத்து வரும் கிழவர் எதிர்காலத்து ஆளாகத் தெரிவார்.

இரண்டு, பிளாஷ்பேக்குகள் தங்களுக்குள் முன்னோக்கிப் போகின்றனவா. முதல் பிளாஷ்பேக்கில் சட்டை தைப்பது, இரண்டாவதில் சண்டை என்றால் பார்ப்பவர் எளிதாகப் பிடித்துக்கொள்வார். முதலில் சண்டை, அடுத்து தைப்பது என்று மாற்றினால் இரண்டு கணக்கு போட வேண்டியிருக்கும்: நிகழ்காலத்திலிருந்து பின்னால், அதிலிருந்து இன்னும் பின்னால். பத்து நிமிடத்தில் அதற்கு இடமில்லை. பிளாஷ்பேக்குக்குள் இன்னொரு பிளாஷ்பேக் என்பதை இந்த நீளத்தில் நினைக்கவே வேண்டாம்.

மூன்று, நினைப்பவருக்குத் தெரிந்ததை மட்டும்தான் காட்டுகிறீர்களா. இது சிவராமனின் நினைவு. வேறு நிறப் பட்டனைக் கண்ணன் எங்கோ தைத்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை. அதனால் இடப்பக்கம் இருக்கும் அந்தச் சம்பவம் வலப்பக்கம் வரக்கூடாது. மகள் ஒரு வரி வசனத்தில் சொல்லட்டும்: "அந்தப் பட்டன் மட்டும் எப்பவுமே வேறதான்." அதை ஒரு காட்சியாக எடுத்து நடுவில் வைத்தால், "இது யார் நினைக்கிறது?" என்ற புதுக் குழப்பம் வரும்.

2. ஒரே திசையில் மாறும் பொருள் ஒன்றைப் பிடியுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். நிறத்தை மாற்றுவது, ஓரங்களை மங்கலாக்குவது, 'இருபது வருடங்களுக்கு முன்' என்று எழுத்துப் போடுவது எல்லாம், காலம் மாறிவிட்டது என்று வெளியிலிருந்து சொல்பவை. பார்ப்பவர் தானாகவே வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டுமென்றால், கதைக்குள்ளேயே இருக்கும் ஒரு பொருள் காலத்தோடு மாற வேண்டும். அந்த மாற்றம் திரும்பிப் போக முடியாததாக இருக்க வேண்டும்.

நம் கதையில் அது சட்டையின் இரண்டாவது பட்டன். தைக்கும் இரவில் எல்லாப் பட்டனும் ஒரே வெள்ளை. சண்டைக்குப் பிறகு அந்த இடத்தில் நூல் மட்டும் தொங்குகிறது. நிகழ்காலத்தில் அங்கே ஒரு பழுப்புப் பட்டன். இந்த மூன்று படங்களையும் கலைத்துக் கொடுத்தால்கூட யாரும் சரியாக அடுக்கிவிடுவார்கள். விழுந்த பட்டன் தானாக ஒட்டிக்கொள்ளாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடிகாரம், நாள்காட்டி, நாளிதழ் ஆகியவை இதற்குச் சரிப்பட்டு வரவில்லை. நாள்காட்டியைக் காட்டினால் பார்ப்பவர் அதைப் படித்து, தேதியை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த காட்சியில் கழித்துப் பார்க்க வேண்டும். பட்டனை வைத்துக் கழிக்க ஒன்றுமில்லை, பார்த்தாலே போதும்.

பொருளைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டு நிபந்தனைகளை மறக்காதீர்கள். முதல் பிளாஷ்பேக்குக்கு முன்பே அது நிகழ்கால வடிவில் நெருக்கமாக ஒரு முறை தெரிய வேண்டும். பழுப்புப் பட்டனை முதல் நூறு விநாடிக்குள் தனி ஷாட்டில் இரண்டு விநாடி காட்டிவிடுங்கள். அடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் அது ஒரு முறையாவது கண்ணில் பட வேண்டும். தைக்கும் இரவில் கண்ணன் சட்டையைப் போட்டுப் பார்த்துக் கழுத்திலிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போடுகிறான் என்று எழுதினால், இரண்டாவது பட்டன் வெள்ளையாக இருப்பது இயல்பாகவே தெரிந்துவிடும்.

3. திரைக்கதைத் தாளில் காலத்தை எழுதும் முறை

குழப்பம் பார்ப்பவருக்கு மட்டுமில்லை. ஆடை பார்ப்பவர், ஒப்பனை செய்பவர், ஒலிப்பதிவாளர், எடிட்டர் எல்லோரும் தாளைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். அதனால் ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் காலத்தை எழுதுங்கள். பிளாஷ்பேக் தொடங்கும் இடத்தில் மட்டும் எழுதிவிட்டு, அடுத்து வரும் காட்சிகளில் விட்டுவிடுவது பெரிய பொறி. படப்பிடிப்பில் யாரும் திரைக்கதையை முதலிலிருந்து படிப்பதில்லை. அன்றைக்குத் தேவையான பக்கத்தை மட்டும்தான் புரட்டுவார்கள்.

இப்படி எழுதலாம்:

காட்சி 2 (கடந்தகாலம் 1) – உள்ளே – தையல் கடை – இரவு
சிவராமன் வயது 45. சட்டை புதிது. ஐந்து பட்டனும் வெள்ளை. கால் மிதி மிஷின்.

காட்சி 3 (நிகழ்காலம் 2) – உள்ளே – தையல் கடை – பகல்
சிவராமன் வயது 65. காட்சி 1-இன் கடைசி ஷாட் தொடர்கிறது. பட்டன் பழுப்பு. மோட்டார் மிஷின்.

தலைப்புக்குக் கீழே உள்ள அந்த ஒரு வரிதான், ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கன்டினியூட்டி பார்ப்பவருக்கு உயிர். வயது, பொருளின் நிலை, பின்னணிச் சாதனம் மூன்றும் அதில் இருந்தால் போதும். கடந்தகாலப் பக்கங்களை வேறு நிறத் தாளில் அச்சடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. கையில் எடுத்த உடனே எந்தக் காலம் என்று தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது திரைக்கதை எழுதுவோர் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. 120 விநாடிக்கான பிளாஷ்பேக் மூன்றரைப் பக்கம் போனால், படம் எடுக்கும் முன்பே வெட்டுங்கள்.

4. உள்ளே போகும் இடம்: ஒரு பொருள், ஒரு ஒலி, ஒரு வரி

கடந்தகாலத்துக்குள் நுழைந்த முதல் ஐந்தாறு விநாடிக்குள், கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, வசனத்தில் ஒன்று என மூன்று தடயங்கள் கிடைக்கும்படி எழுதுங்கள். ஒருவர் ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

கண்ணுக்கு: நிகழ்காலத்தின் கடைசி ஷாட்டில் சிவராமனின் விரல் வெளிறிப்போன 'க' எழுத்தின் மேல் நகர்கிறது. அடுத்த ஷாட், அதே அளவு நெருக்கத்தில், அதே இடத்தில் ஒரு ஊசி அதே 'க' எழுத்தைப் பளிச்சென்ற சிவப்பில் தைத்துக்கொண்டிருக்கிறது; இன்னும் பாதி எழுத்துதான் முடிந்திருக்கிறது. எழுத்து பாதியில் இருப்பதால் இது அதற்கு முந்தைய காலம் என்பதில் சந்தேகமே வராது. இரண்டு ஷாட்டிலும் எழுத்து ஃபிரேமில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். முதல் ஷாட் எடுத்ததும் கேமரா திரையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடந்தகால ஷாட்டை அதைப் பார்த்து அமைக்கலாம்.

காதுக்கு: இப்போது கடையில் இருப்பது மோட்டார் வைத்த மிஷின், ஒரே சீராக இரையும். அப்போது இருந்தது கால் மிதி மிஷின், மிதிக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும். ஆனால் பார்ப்பவர் மோட்டார் சத்தத்தை முதல் காட்சியில் தெளிவாகக் கேட்டிருந்தால்தான் வித்தியாசம் புரியும். அதனால் முதல் காட்சியில் அவர் எதையாவது தைத்துக்கொண்டிருக்கும்போதே பெண் உள்ளே வரட்டும், அந்த நேரத்தில் இசை வேண்டாம்.

வசனத்தில்: கடந்தகாலத்தின் முதல் வரியிலேயே இவர் யார் என்பது தெரிய வேண்டும். முதல் காட்சியில் அந்தப் பெண், "சிவராமன் ஐயா நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள். கடந்தகாலத்தில் உள்ளே இருந்து அம்மாவின் குரல் மட்டும் வருகிறது: "சிவராமா, தம்பி வந்துட்டானா?" இந்த ஒரு வரியில் பெயர் வந்துவிட்டது, தம்பி ஒருவன் இருப்பது தெரிந்துவிட்டது, அம்மா உயிரோடிருக்கும் காலம் என்பதும் வந்துவிட்டது. இதற்கு நடிகர்கூடத் தேவையில்லை. குரல் பதிவு போதும்.

இளவயதுக்கு வேறு நடிகரைப் போடுகிறீர்கள் என்றால் இந்த வரி இன்னும் அவசியம். அதோடு இருவருக்கும் பொதுவாக ஒரு பழக்கத்தைக் கொடுங்கள். சிவராமன் நூலைக் கடித்து அறுப்பார், கத்தரியைத் தொடமாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நடிகர்களும் அறிமுகமாகும் முதல் நிமிடத்தில் அதைச் செய்யட்டும். முகத்தில் தழும்பு வைப்பதை நான் தவிர்ப்பேன். பார்ப்பவர் தழும்பைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று தேட ஆரம்பிப்பார், கதை அதற்குப் பதில் சொல்லப் போவதில்லை.

எழுத்துப் போடலாமா? போடலாம், ஆனால் 'இருபது வருடங்களுக்கு முன்' என்று போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒன்றும் போடாமல் விட்டால், ஒரு வாசலில் பலகை, மறு வாசலில் ஒன்றுமில்லை என்று ஆகும். மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் எழுத்தே தேவைப்படாது. அதைக் கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. திரும்பி வரும் இடம்

உள்ளே போவதற்கு எல்லோரும் மெனக்கெடுகிறார்கள். வெளியே வருவதைக் கவனிப்பவர்கள் குறைவு. நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பகுதி திரும்பி வரும் இடத்தில்தான் நடக்கிறது. பிளாஷ்பேக் உச்சத்தில் முடிந்து, அடுத்த ஷாட் புது இடம், புது வெளிச்சம், புது ஆள் என்று வந்தால், பார்ப்பவர் அதையும் கடந்தகாலத்தின் தொடர்ச்சி என்றே எடுத்துக்கொள்வார்.

விதி எளிமையானது: எந்த ஷாட்டிலிருந்து போனீர்களோ அதே ஷாட்டுக்குத் திரும்புங்கள். அதே லென்ஸ், அதே இடம், உடலும் கையும் இருந்த அதே நிலை. சிவராமன் காலரைப் பிடித்தபடி இருந்தார் என்றால் அதே காலரை அதே விரலால் பிடித்தபடி இருக்க வேண்டும். கதைக்குள் அவருக்கு இரண்டு விநாடிதான் ஓடியிருக்கிறது.

இதை எடுக்க எளிய வழி ஒன்று உண்டு. போகும் ஷாட்டையும் வரும் ஷாட்டையும் தனித்தனியாக எடுக்காதீர்கள். கேமராவை ஓடவிட்டு, நடிகர் காலரைப் பார்த்துக்கொண்டே அரை நிமிடம் இருக்கட்டும், பிறகு தலை நிமிர்ந்து, "யாரோட சட்டைம்மா இது?" என்று கேட்கட்டும். எடிட்டிங்கில் நடுவில் வெட்டி, முதல் பாதியைப் பிளாஷ்பேக்குக்கு முன்னும், மறுபாதியைப் பின்னும் வைத்தால், கைவிரல் அசையாமல் அப்படியே பொருந்தும். ஒரு லைட் அமைப்பு மிச்சமாவதோடு கன்டினியூட்டிக் கவலையும் இருக்காது.

இரண்டாவது முறை திரும்பும்போது இதே உத்தியை அப்படியே செய்ய வேண்டியதில்லை. பார்ப்பவருக்கு முறை பிடிபட்டிருக்கும். சண்டையில் பட்டன் தரையில் உருண்டு நிற்கிறது. அடுத்த ஷாட்டில் வயதான கை இழுப்பறையைத் திறக்கிறது, உள்ளே அதே பட்டன். கையின் சுருக்கமே காலத்தைச் சொல்லிவிடும்.

6. படப்பிடிப்பு வரிசையும் செலவும்

பிளாஷ்பேக்கின் உண்மையான செலவு, ஒரே இடத்தை இரண்டு முறை அலங்கரிப்பதில் இருக்கிறது. கடையை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு மாற்ற மிஷின், விளக்கு, சுவரில் தொங்குபவை, அலமாரித் துணிகள் எல்லாம் மாற வேண்டும். திரையில் நான்கு முறை காலம் மாறினாலும் படப்பிடிப்பில் ஒரே ஒரு முறைதான் மாற வேண்டும். நிகழ்காலம் மூன்றையும் ஒரு நாள், கடந்தகாலம் இரண்டையும் மறுநாள். நடுவில் மாற்றுவதற்கு அரை நாளை உண்மையாகவே ஒதுக்குங்கள். "ஒரு மணி நேரத்தில் மாத்திடலாம்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எந்தக் காலத்தை முதலில் எடுப்பது? திரும்பப் பெற முடியாத மாற்றம் எதுவோ அது கடைசியில் வரட்டும். ஒரே நடிகர் இரண்டு வயதையும் செய்கிறார், அவருக்கு இயல்பாகவே நரைத்த தாடி இருக்கிறது என்றால் நிகழ்காலத்தை முதலில் எடுத்துவிட்டு, பிறகு தாடியை மழித்து முடிக்குக் கறுப்புச் சாயம் போட்டுக் கடந்தகாலத்தை எடுங்கள். அவருக்கு முடி கறுப்பு, தாடி இல்லை என்றால், நரையைக் கழுவினால் போகும் ஒப்பனையில் கொண்டுவரலாம். எந்த வரிசையும் சரி.

சட்டைக்குக் கொஞ்சம் முன்கூட்டியே வேலை ஆரம்பிக்க வேண்டும். ஒரே துணியில் ஒரே நேரத்தில் குறைந்தது மூன்று சட்டை தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று புதிதாகவே இருக்கும். ஒன்று சண்டைக் காட்சிக்கு. மூன்றாவதைப் பலமுறை துவைத்து வெயிலில் போட்டு, காலர் மடிப்பிலும் கை ஓரத்திலும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்குங்கள். இதற்கு இரண்டு வாரமாவது வேண்டும், ஒரே இரவில் செய்தால் அழுக்கான புதுச் சட்டை போலத்தான் தெரியும். பட்டன் தெறிக்கும் ஷாட்டுக்குப் புதிது புதிதாகச் சட்டை வேண்டாம். ஒற்றை நூலில் தளர்வாகத் தைத்தால் இழுத்ததும் வந்துவிடும், அடுத்த டேக்குக்கு மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

கிளாப் போர்டில் காட்சி எண்ணோடு காலத்தையும் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் கோப்புகளை இறக்கும்போது `NOW_01_T3`, `PAST_02_T1` என்பது போல, பெயரின் முதலிலேயே காலம் வருகிற மாதிரி வைத்தால் எடிட்டர் உங்களை வாழ்த்துவார்.

7. விளக்கும் நிறமும்

நிறத்தை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். விளக்கையே மாற்றுங்கள். கடந்தகாலத்துக்கு 3200 கெல்வின் அளவிலான மஞ்சள் விளக்கு, நிகழ்காலத்துக்கு 5600 கெல்வின் அளவிலான வெள்ளை விளக்கு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேமராவின் வொயிட் பேலன்ஸ் தானியங்கியில் இருந்தால், அது மஞ்சளையும் வெள்ளையாக்க முயலும், வெள்ளையையும் வெள்ளையாக்கும். நீங்கள் கஷ்டப்பட்டு உண்டாக்கிய வித்தியாசத்தைப் பெருமளவு அழித்துவிடும். இரண்டு நாளும் ஒரே எண்ணில், உதாரணமாக 4300 கெல்வினில் நிறுத்தி வையுங்கள். கடந்தகாலம் சற்று மஞ்சளாகவும், நிகழ்காலம் சற்று நீலமாகவும் தானாகவே பதிவாகும்.

அதற்கு மேல் பழுப்பு நிறம் பூசுவதை நான் விரும்புவதில்லை. நம் கதையில் சட்டையின் வெண்மையும் நூலின் சிவப்பும் கடந்தகாலத்தில் பளிச்சென்று இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் பழுப்பாக்கினால் புதுச் சட்டையும் பழசாகத் தெரியும், நீங்கள் நம்பியிருந்த தடயமே போய்விடும்.

8. எடிட்டிங்: ஒலியை முன்னால் விடுங்கள்

படம் மாறுவதற்குச் சற்று முன்பே அடுத்த காலத்தின் ஒலியைக் கொண்டுவாருங்கள். எடிட்டர்கள் ஜே கட் என்பார்கள். சிவராமனின் விரல் 'க' மேல் இருக்கும்போதே மிதி மிஷினின் சத்தம் மெதுவாக எழட்டும். ஒன்றரை விநாடி கழித்துப் படம் மாறட்டும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் அது 36 ஃபிரேம். அரை விநாடிக்குக் குறைந்தால் அந்த ஒலி தனியாகக் காதில் விழாது, மூன்று விநாடியைத் தாண்டினால் பக்கத்துக் கடையில் மிஷின் ஓடுகிறது என்று நினைத்துவிடுவார்கள்.

திரும்பும்போது ஒலி முன்னால் வரவேண்டாம். மிதி மிஷின் சத்தத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டுக் கடையின் இப்போதைய ஒலிக்குள் விழுந்தால், கனவிலிருந்து எழுப்பிய மாதிரி பார்ப்பவர் உடனே நிகழ்காலத்தில் இருப்பார். போவது மெதுவாக, வருவது சட்டென்று: இந்த வித்தியாசத்தை இரண்டு முறையும் மாற்றாமல் வைத்துக்கொண்டால், இரண்டாவது பிளாஷ்பேக்கில் பார்ப்பவர் தடுமாறவே மாட்டார். முதல் முறை டிசால்வ், இரண்டாவது முறை வெள்ளை மின்னல், அப்புறம் கறுப்புத் திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புது உத்தி வைத்தால், ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பின்னணி இசை இரண்டு காலத்தையும் ஒரே நூலாகக் கோத்துவிடும். இந்த நான்கு மாறும் இடங்களிலும் முன்னும் பின்னும் மூன்று விநாடியாவது இசையை நிறுத்துங்கள்.

9. படம் தெரியாதவர்களிடம் போட்டுப் பாருங்கள்

கலர் கரெக்ஷனுக்கும் இசைக்கும் பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். கதை தெரியாத நான்கைந்து பேர் வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள்; சேர்ந்து பார்த்தால் ஒருவர் புரிந்துகொண்டதை மற்றவர் வாங்கிக்கொள்வார்.

முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில் படத்திலிருந்து ஆறு ஃபிரேம்களை அச்சடித்து, கலைத்துக் கொடுத்து, "எது முதல்ல நடந்தது, எது கடைசியா நடந்தது, அடுக்குங்க" என்று சொல்லுங்கள். பாதி தைத்த 'க', கண்ணன் சட்டையைப் போட்டுப் பார்ப்பது, பட்டன் தரையில், பெண் கடைக்குள் வருவது, வயதான கை இழுப்பறையில், புதிதாகத் தைத்த பழைய பட்டன். முதல் தாளின் இடப்பக்கத்தோடு அவர்கள் அடுக்கியதை ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் மாற்றி வைத்தால் விட்டுவிடலாம். இரண்டு பேர் ஒரே படத்தை ஒரே மாதிரி தவறாக வைத்தால் அங்கே படத்தில் ஓட்டை இருக்கிறது.

நம் கதையில் எதிர்பார்க்க வேண்டிய தவறு ஒன்று உண்டு. வயதான கை இழுப்பறையைத் திறக்கும் படத்தை, சண்டை நடந்த உடனே நடந்ததாகச் சிலர் வைப்பார்கள். பட்டன் விழுந்ததும் அடுத்த ஷாட்டிலேயே பட்டன் எடுக்கப்படுவதால் வரும் குழப்பம் அது. அப்படி வந்தால் மருந்தை விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் மோட்டார் மிஷின் சத்தத்தை அந்த ஷாட்டின் முதல் ஃபிரேமிலிருந்து உயர்த்துங்கள். போதவில்லையா, கைக்கு முன்னால் காத்திருக்கும் பெண்ணின் முகத்தை ஒரு விநாடி வையுங்கள். அவள் இருந்தாலே நிகழ்காலம். அதுவும் போதவில்லை என்றால் பழுப்புப் பட்டனோடு சட்டை மேசையில் கிடக்கும் ஒரு ஷாட்டை மறுபடி எடுத்துச் சேருங்கள். அந்த ஒரு ஷாட்டுக்குக் கடை முழுவதும் தேவையில்லை; ஒரு மேசை மூலை, அதே வெள்ளை விளக்கு, பழைய சட்டை போதும். அதனால் படம் முழுதாக முடிந்து வெளியாகும்வரை அந்த மூன்று சட்டைகளையும் பட்டன்களையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

வேறு மொழிக்காரர்களும் பார்க்க வேண்டுமென்று சப்டைட்டில் போட்டால், கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள். அம்மாவின் அந்த ஒரு வரியில் 'சிவராமா' என்ற பெயரும் 'தம்பி' என்ற உறவும் இரண்டுமே மொழிபெயர்ப்பில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் இடம் மிச்சம் பிடிக்க "அவன் வந்துவிட்டானா?" என்று சுருக்கிவிட்டால், தமிழ் தெரியாதவருக்கு உள்ளே போகும் இடத்தில் வைத்த மூன்று தடயங்களில் ஒன்று காணாமல் போகும். மொழிபெயர்ப்பவருக்குத் திரைக்கதையோடு அந்த முதல் தாளையும் கொடுங்கள், எந்த வரியைச் சுருக்கக்கூடாது என்று அதிலேயே குறித்துக் கொடுங்கள்.